கடிகாரம் வட்டமாகத் தெரியும்வரை

எங்கள் கொத்மலைப் பக்கத்தில் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு கல்யாணம் முடித்தவர்களின் வீட்டு அலுமாரியைத் திறந்தால், சேலைகளுக்கு அடியில் ஒரு சீடிப் பெட்டி இருக்கும். மேலே மாப்பிள்ளை பெண்ணின் பெயரும் ரோசாப்பூப் படமும் அச்சடித்திருக்கும். உள்ளே இரண்டு அல்லது மூன்று டிஸ்க்குகள். பெட்டியைத் தூக்கிப் போட யாருக்கும் மனம் வருவதில்லை. போட்டுப் பார்க்கவும் வழியில்லை, ஏனென்றால் அதைப் போடும் பிளேயர் பழுதாகி எத்தனையோ வருடமாகிவிட்டது.

எங்கள் வீட்டில் இருப்பது பெரிய மாமாவின் கல்யாண டிஸ்க், 2004ஆம் ஆண்டு எடுத்தது. அதற்கு எங்கள் குடும்பத்தில் தனி மதிப்பு உண்டு. உம்மாவின் வாப்பா, அதாவது எங்கள் மூத்தாப்பா, அசைவதும் பேசுவதும் உள்ள ஒரே பதிவு அதுதான். அவர் மௌத்தானது 2006இல். நான் அவரைக் கண்டதில்லை, என் தம்பியும் கண்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் உம்மா அந்த டிஸ்க்கை ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் போட்டு எடுத்து வந்தார். எல்லோரும் டீவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். மூத்தாப்பா வந்தார். கன்னம் இரண்டும் உப்பி, தோள் அகன்று, குள்ளமாக.

"மூத்தாப்பா நல்ல குண்டா ஈந்தாரா உம்மா?" என்று தம்பி கேட்டான்.

உம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்கட வாப்பாட முகமில்ல," என்று எழுந்து போய்விட்டார்.

மாமாவிடம் அதே டிஸ்க்கை மடிகணினியில் போட்டுப் பார்த்தபோது வேறு கதை. அதில் மூத்தாப்பா மெலிந்து, முகம் நீண்டு, நோயாளி போலத் தெரிந்தார். கடைசிக் காலத்தில் அவர் மெலிந்துதான் போனார் என்று சாச்சி சொல்ல, கல்யாணத்தின்போது அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று உம்மா சொல்ல, வீட்டில் ஒரு சின்ன வழக்கே நடந்தது. ஒரே டிஸ்க், ஒரே மனிதர், ஆனால் இரண்டு முகம். எது உண்மை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. உயர்தரத்தில் நான் தகவல் தொழினுட்பம் படிப்பதால் வழக்கு என்னிடம் வந்தது.

உண்மையில் இரண்டுமே பொய். ஏன் என்று விளங்கினால் திருத்துவது இலகு.

இந்த டிஸ்க்கின் பெயர் வீடியோ சீடி, சுருக்கமாக வீசீடி. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி ஆகிய கம்பனிகள் 1993இல் அதன் விதிகளை 'வெள்ளைப் புத்தகம்' என்ற பெயரில் வகுத்தன. சாதாரண சீடியில் 74 நிமிடப் படத்தை அடக்க வேண்டும் என்பதால் படத்தை மிகவும் சிறியதாக்கினார்கள். இலங்கையில் ரூபவாஹினி 1982இல் தொடங்கிய காலத்திலிருந்து நாம் பயன்படுத்திய தொலைக்காட்சி முறைக்குப் பால் என்று பெயர். (உம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "ஆட்டுப் பாலா மாட்டுப் பாலா?" என்றார்.) அந்த முறைக்கான வீசீடியில் ஒரு படம் என்பது குறுக்கே 352 புள்ளி, நெடுக்கே 288 புள்ளி, செக்கனுக்கு 25 படம்.

இந்தப் புள்ளிகளைத்தான் பிக்சல் என்கிறோம். பிக்சல் என்றவுடன் நாம் சதுரம் என்று நினைத்துக்கொள்கிறோம். இன்றைய கணினித் திரையிலும் போனிலும் அது சதுரம்தான். வீசீடியில் அப்படியில்லை. பழைய குழாய் டீவிக்குப் பிக்சல் என்றால் என்னவென்றே தெரியாது. அது இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஒரு கோடு போடும், பிறகு அதற்குக் கீழே இன்னொரு கோடு. பிளேயர் அந்த 352 புள்ளிகளையும் கண்ணாடியின் முழு அகலத்துக்கும் பரப்பிக் கொடுத்துவிடும். கண்ணாடியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. ஆகவே 288 உயரத்துக்கு 384 அகலம் வரவேண்டும். 352ஐ 384 ஆக்க வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளியும் தன் உயரத்தைவிடச் சற்று அகலமாக, 12க்கு 11 என்ற கணக்கில் இருக்கவேண்டும். பழைய டீவியில் இது தானாகவே நடந்தது. யாரும் கணக்குப் பார்க்கத் தேவைப்படவில்லை.

கணினி அப்படியில்லை. 352 என்று எழுதியிருந்தால் 352 சதுரங்களை அடுக்கும். அகலம் பன்னிரண்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். மாமாவின் மடிகணினியில் கண்ட மெலிந்த முகம் இதுதான். புதிய டீவி இதற்கு நேர்மாறு. அதன் திரை 16:9. படம் எந்த அளவாக இருந்தாலும் திரை முழுவதும் இழுத்து நிரப்பும்படி அதை வைத்திருந்தால் 384 இருக்கவேண்டிய இடத்தில் 512 வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு அதிகம். தம்பி கண்ட குண்டு மூத்தாப்பா அவர்.

ஆகவே வேலை இவ்வளவுதான்: டிஸ்க்கில் இருப்பதைக் குறையில்லாமல் எடுக்க வேண்டும், பிறகு 4:3 என்பதை எந்தத் திரையும் மீற முடியாதபடி பதிந்துவிட வேண்டும். முதல் பாதிதான் சிரமமான பாதி.

டிஸ்க்கைக் கணினியில் போட்டால் MPEGAV என்று ஒரு கோப்புறை தெரியும். அதற்குள் AVSEQ01.DAT என்ற கோப்பு. அதுதான் படம். மற்றக் கோப்புறைகள் பிளேயருக்கானவை, நமக்குத் தேவையில்லை. அந்தக் கோப்பை வன்தட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. எங்கள் டிஸ்க் முப்பது வீதம்வரை வந்து, cyclic redundancy check என்ற பிழையைக் காட்டி நின்றுவிட்டது.

இதற்குக் காரணம் வீசீடியின் பிறவிக் குணம். சீடி ஒன்று சின்னச் சின்னத் துண்டங்களாக எழுதப்படுகிறது. ஒரு துண்டம் 2352 பைட். கணினிக் கோப்புகளை எழுதும் சாதாரண சீடியில் அதில் 2048 பைட் மட்டுமே கோப்புக்கு. மிச்சத்தில் பெரும்பகுதி, கீறல் விழுந்தால் எழுத்தைத் திருத்திக்கொள்வதற்கான காவல் தகவல். வீசீடியை வகுத்தவர்கள் இடம் போதாமல் அந்தக் காவலை எடுத்துவிட்டு 2324 பைட்டையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். படத்தில் ஒரு புள்ளி பிழைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவர்கள் எண்ணம். டீவியில் பார்க்கும்போது அது சரிதான். பிரதி எடுக்கும்போதுதான் கணினி ஒரு துண்டம் வாசிக்க முடியவில்லை என்றாலும் முழு வேலையையும் கைவிட்டு விடுகிறது.

எங்கள் ஊரின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைத்த கடதாசி உறை டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், மேலே ஒரு மங்கல் படியும். நான் செய்தது: இளஞ்சூடான தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மிருதுவான பருத்தித் துணியை நனைத்து, நடுவிலிருந்து வெளியோரத்தை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருப்பதால், வட்டமாக விழும் கீறல் ஒரே இடத்தில் தொடர்ந்து நிறையத் துண்டங்களைக் கெடுக்கும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாகத்தான் கெடுக்கும். துடைத்த பிறகு அறுபது வீதம்வரை வந்தது. பிறகு வகுப்புத் தோழி ஒருத்தியின் வாப்பாவிடம் இருந்த பழைய மேசைக் கணினியில் போட்டேன். அது டிஸ்க்கின் முடிவுவரை வாசித்தது. ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும் என்பது இந்த வேலை செய்தவர்கள் எல்லோரும் சொல்வது. மூன்று டிரைவில் போட்டுப் பார்க்காமல் ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்லக் கூடாது. எதுவுமே சரிவராவிட்டால் IsoBuster போன்ற மென்பொருள் இருக்கிறது. வாசிக்க முடியாத துண்டங்களை வெறுமையாக விட்டு மற்றவற்றை எடுத்துத் தரும். அந்த இடங்களில் படம் அரைச் செக்கன் அளவுக்குக் கட்டம் கட்டமாக உடைந்து பிறகு சரியாகும். ஒரு வருடக் கல்யாணத்தில் அரைச் செக்கன் போனால் போகட்டும்.

பிரதி முழுமையா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. வீசீடி செக்கனுக்குச் சரியாக 75 துண்டம் ஓடும். ஒரு துண்டம் 2352 பைட் என்றால் செக்கனுக்கு 176,400 பைட். எங்கள் கோப்பு 550,368,044 பைட். தொடக்கத்தில் விண்டோஸ் தானாகச் சேர்க்கும் 44 பைட் தலைப்பைக் கழித்து 176,400ஆல் பிரித்தால் 3120 செக்கன், அதாவது 52 நிமிடம். பெட்டியின் உறையில் ஸ்டூடியோக்காரர் பேனாவால் எழுதியிருந்ததும் 52 தான். அந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே சந்தோசம் வந்தது.

DAT என்ற முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை mpg என்று பெயர் மாற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். சில பிளேயர்களில் ஓடும் என்பது சரி. ஆனால் பெயரை மாற்றுவது பெட்டியின் மேலே ஒட்டிய கடதாசியை மாற்றுவது போல. உள்ளே ஒவ்வொரு துண்டத்துக்கும் இடையில் சீடியின் தலைப்புப் பைட்டுகள் அப்படியே இருக்கும், முகமும் அப்படியே மெலிந்திருக்கும்.

இனி முகத்துக்கு வருவோம்.

நான் பயன்படுத்தியது ffmpeg என்ற இலவச மென்பொருள். அதற்கு அழகான பட்டன்கள் இல்லை, கட்டளை தட்டச்சுச் செய்ய வேண்டும். அதோடு வரும் ffprobe கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லும்:

```
ffprobe AVSEQ01.DAT
```

நிறைய வரிகள் வரும். அதில் Video என்று தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் முதல் டிஸ்க்கில் இப்படி இருந்தது:

```
352x288 [SAR 178:163 DAR 1958:1467], 25 fps
```

SAR என்பது ஒரு பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். DAR என்பது முழுப் படத்தின் விகிதம். 178:163 என்ற விசித்திர எண்ணைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பிரித்துப் பார்த்தால் 1.092, நாம் மேலே சொன்ன 12:11 உடன் கிட்டத்தட்ட ஒன்றுதான். முழு அகலத்துக்கும் வித்தியாசம் அரைப் பிக்சல்கூட இல்லை. அதாவது டிஸ்க்கை எழுதியவர் பிக்சல் சதுரமல்ல என்பதைச் சரியாகவே குறித்து வைத்திருக்கிறார். அதைப் படிக்காதது மாமாவின் பிளேயர்.

இரண்டாவது டிஸ்க் எங்களிடம் இல்லாமல் போய், சாச்சி வீட்டிலிருந்து வந்தது. அது எங்கேயோ மறுபடி தயாரித்து எழுதிய பிரதி. அதில் SAR 1:1 DAR 11:9 என்று வந்தது. பிக்சல் சதுரம் என்கிறது. இப்போது எதை நம்புவது? குறிப்பு சரியாக இருக்கலாம், அல்லது மறுபடி எழுதிய மென்பொருள் எதையும் யோசிக்காமல் 1 என்று போட்டிருக்கலாம். கோப்பிடம் கேட்டுப் பயனில்லை. படத்திடம்தான் கேட்க வேண்டும்.

அதற்குப் படத்துக்குள் ஒரு வட்டம் வேண்டும். உண்மையில் வட்டமானது என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த பொருள், கெமராவுக்கு நேராக இருக்க வேண்டும். கல்யாண வீடியோவில் வட்டத்துக்கா பஞ்சம்? சஹன் வைத்துச் சாப்பிடும் காட்சி பத்து நிமிடம் ஓடுகிறது. ஆனால் சஹன் எவ்வளவு வட்டமாக இருந்தாலும் உதவாது. நிற்கும் மனிதர் தோளில் கெமராவை வைத்துச் சாய்வாக எடுப்பதால் அது நீள்வட்டமாகத்தான் விழும். வேனின் சில்லும் அப்படித்தான், பக்கவாட்டில் நேரே நின்று எடுத்தாலே ஒழிய. முகத்தை வைத்து அளக்கவே முடியாது, ஏனென்றால் அதைப் பற்றித்தான் வழக்கே.

இரண்டு டிஸ்க்கிலும் தேடினேன். கடைசியில் கிடைத்தது உம்மாவின் தாய்வீட்டு முன்கூடத்துச் சுவர்க் கடிகாரம். நிகாஹ் முடிந்து ஆட்கள் எழும்பும்போது கெமராக்காரர் ஒரு நொடி சும்மா சுவரைக் காட்டுகிறார். நேரே, நடுவில் கடிகாரம். அது இன்றும் அதே ஆணியில் தொங்குகிறது. ஓடுவதில்லை, அவ்வளவுதான். நான் போய் அடிமட்டத்தால் அளந்தேன். குறுக்கே 30 சென்ரிமீற்றர், நெடுக்கே 30 சென்ரிமீற்றர். சாட்சி நம்பகமானது.

அந்தக் கணத்தை ஒரு படமாக எடுக்க:

```
ffmpeg -i AVSEQ01.DAT -ss 00:14:20 -frames:v 1 clock.png
```

அதைப் பெயின்டில் திறந்து, கடிகாரத்தைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்தால், கீழே அளவு காட்டும். 44 × 48. குறுக்கே 44 பிக்சல், நெடுக்கே 48. உண்மையில் இரண்டும் சமமாக இருக்கவேண்டிய பொருள் இங்கே 44க்கு 48. ஆகவே 44 பிக்சல் அகலமும் 48 பிக்சல் உயரமும் ஒரே நீளம். 48ஐ 44ஆல் பிரித்தால் 12க்கு 11. பிக்சல் சதுரமல்ல. இரண்டாவது டிஸ்க்கின் குறிப்பு பொய், அதுவும் மற்றதைப் போல 4:3 ஆகத்தான் காட்டப்பட வேண்டும் என்பது நிரூபணமாகிவிட்டது.

இதே கடிகாரத்தை மூன்று திரையில் வைத்துப் பாருங்கள். பிக்சல் சதுரம் என்று நினைக்கும் மடிகணினியில் 44க்கு 48, நெட்டையான முட்டை. திரையை நிரப்பும் டீவியில் 64க்கு 48, படுத்த முட்டை. 384 அகலத்துக்கு விரித்தால் 48க்கு 48. வட்டம். மூத்தாப்பாவின் முகமும் கடிகாரம் எந்த அளவு இழுபட்டதோ அந்த அளவுதான் இழுபட்டிருக்கும், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

வட்டத்தை அளக்கும்போது ஓரிரு பிக்சல் முன்னே பின்னே வரும். படம் மங்கல், ஓரம் தெளிவாக இராது. 43 அல்லது 45 வந்தால் கலங்க வேண்டாம். நாம் பிரித்தறிய வேண்டியது 44க்கும் 48க்கும் உள்ள வேறுபாட்டை. ஆகவே வட்டம் பெரிதாக இருக்க இருக்க நல்லது. இருபது பிக்சல் அகலமுள்ள வட்டத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இனி மாற்றுவது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இரண்டு கோப்பு செய்தேன். முதலாவது பாதுகாப்புக்கு:

```
ffmpeg -fflags +genpts -i AVSEQ01.DAT -c copy -aspect 4:3 disc1.mkv
```

இதில் `-c copy` என்றால் படத்தையும் ஒலியையும் தொடாதே, அப்படியே புதிய பெட்டியில் எடுத்து வை என்று பொருள். சீடியின் தலைப்புப் பைட்டுகள் மட்டும் கழன்றுவிடும். `-aspect 4:3` என்பது பெட்டியின் மேல் எழுதும் குறிப்பு. தரம் ஒரு துளியும் குறையாது, இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தும் விடும். ஆனால் அது குறிப்பு மட்டும்தான். குறிப்பைப் படிக்காத டீவிகளும் போன்களும் இருக்கின்றன. வழக்கு ஆரம்பமானதே அப்படி ஒரு பிளேயரால்தானே.

ஆகவே பார்ப்பதற்கு இரண்டாவது கோப்பு. இதில் குறிப்பை நம்பாமல் பிக்சல்களையே சதுரமாக மாற்றிவிடுகிறோம்:

```
ffmpeg -i AVSEQ01.DAT -vf "scale=768:576,setsar=1" -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k disc1.mp4
```

384 × 288 இன் இரண்டு மடங்கு 768 × 576. அதை எடுத்ததற்குக் காரணம் படம் தெளிவாகும் என்பதல்ல. இல்லாத விபரம் எங்கிருந்தும் வராது. சிறிய படத்தைப் பெரிதாக்குவதை டீவியிடம் விட்டால் சில டீவிகள் முரட்டுத்தனமாகச் செய்யும், அதனால் கொஞ்சம் நாமே செய்து கொடுக்கிறோம். 1920 × 1080 ஆக்கினால் எச்டி ஆகிவிடும் என்று சொல்பவர்கள் கோப்பைப் பருக்க வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. `setsar=1` என்பது பிக்சல் இப்போது சதுரம் என்று எழுதி வைப்பது. அதை மறந்தால் ffmpeg பழைய குறிப்பின் விகிதத்தையே காப்பாற்றி எழுதும், இரண்டாவது டிஸ்க்கைப் போலக் குறிப்பு பொய்யாக இருந்தால் பிளேயர் முகத்தை மறுபடி மெலிய வைக்கும் அபாயம் உண்டு. `-crf 18` என்பது தரத்துக்கான எண். குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும்.

எங்கள் வீட்டு டீவி இதற்கும் அடங்கவில்லை. பென் டிரைவில் எதைப் போட்டாலும் திரையை நிரப்பும் டீவி அது. அதற்காக இருபுறமும் கறுப்புப் பட்டியைப் படத்தோடே சேர்த்து 16:9 ஆக்கிக் கொடுத்தேன். மேலுள்ள கட்டளையில் மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் இப்படி மாற்ற வேண்டும்:

```
scale=768:576,setsar=1,pad=1024:576:128:0
```

768உடன் இடம் 128, வலம் 128 சேர்ந்தால் 1024. 1024 × 576 சரியான 16:9. இனி டீவிக்கு இழுப்பதற்கு ஒன்றுமில்லை. உம்மாவுக்கு முதலில் அந்தக் கறுப்புப் பட்டி பிடிக்கவில்லை. "இவ்வளவு பெரிய டீவி வாங்கி, ரெண்டு பக்கமும் வெறுமையா விடவா?" என்றார். முகத்தைக் கண்டபின் பட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

எல்லா டிஸ்க்கும் 352 × 288 அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா, ஜப்பான் முறையில் எழுதியவை 352 × 240. அவற்றைச் சுருக்க வேண்டும், விரிக்கக் கூடாது: 320 × 240 தான் அதன் 4:3. கட்டளையில் 768:576க்குப் பதில் 640:480 போட்டால் சரி. முதலில் ffprobe பார்க்காமல் கை வைத்தால் இங்கேதான் பிழைக்கும்.

டிஸ்க்கைத் தொலைத்துவிட்டு, கடையில் மாற்றிய கோப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் கவலைப்பட வேண்டுமா இல்லையா என்பதையும் ஒரு வட்டமே சொல்லும். கடை எங்களுக்குத் தந்த கோப்பு 1920 × 1080. அதில் அதே கடிகாரம் குறுக்கே 240, நெடுக்கே 180. மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இழுத்திருக்கிறார்கள், ஆனால் எதையும் வெட்டவில்லை. இழுத்ததைத் திரும்பச் சுருக்கலாம்:

```
ffmpeg -i shop.mp4 -vf "scale=768:576,setsar=1" -c:v libx264 -crf 18 -c:a copy fixed.mp4
```

மறுபடி மறுபடி அழுத்தியதால் படம் கொஞ்சம் மங்கும், முகம் தன் வடிவத்துக்கு வந்துவிடும். கடிகாரம் அந்தக் கோப்பில் வட்டமாகவே இருந்து, பக்கத்தில் கறுப்புப் பட்டியும் இல்லையென்றால்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும். அப்படியானால் திரையை நிரப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உயரத்தில் நான்கில் ஒரு பங்கு போயிருக்கும். நிற்பவர்களின் தொப்பி, இருப்பவர்களின் கை எல்லாம் அதோடு போயிருக்கும். அதை எந்தக் கட்டளையாலும் திருப்பி எடுக்க முடியாது. டிஸ்க்கைத் தேடுவதுதான் ஒரே வழி. ஆகவே கடைக்குக் கொடுப்பவர்கள் மூன்று விடயம் சொல்லிக் கொடுங்கள்: 4:3 ஆகவே வேண்டும், வெட்டக் கூடாது, DAT கோப்பையும் பென் டிரைவில் போட்டுத் தர வேண்டும். மூன்றாவதைக் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்த்தால் பார்க்கட்டும்.

சரி, வழக்கின் தீர்ப்பு. முதல் டிஸ்க்கில் 31ஆவது நிமிடத்தில் மூத்தாப்பா வாசலில் நின்று வருபவர்களுக்குக் கை கொடுக்கிறார். மெலிந்தவரும் இல்லை, பருத்தவரும் இல்லை. நடுத்தரமான உடம்பு, அகன்ற நெற்றி, சற்று முன்னுக்கு வந்த தாடை. யாரோ ஏதோ சொல்ல, பாதிச் சிரிப்பில் வாயைப் பொத்திக்கொள்கிறார். உம்மா அந்த இடத்தை நிறுத்தச் சொல்லி எழுந்து டீவிக்குப் பக்கத்தில் போனார். "இதுதான்," என்றார். "சிரிச்சா இப்படித்தான் வாயப் பொத்துவாரு, முன் பல்லு ஒண்டு இல்லாததால."

தம்பி என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாடை எனக்கு அப்படியே இருக்கிறது என்றான். இதற்குமுன் யாருக்கும் அது தோன்றியதில்லை. தோன்ற வழியும் இல்லை, இழுபட்ட முகத்தில் யாருடைய சாயலைத் தேடுவது?

சாச்சி மட்டும், கடைசிக் காலத்தில் அவர் மெலிந்ததும் உண்மைதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் பிழையில்லை. அது 2006, இது 2004.

இப்போது இரண்டு டிஸ்க்கின் DAT கோப்புகளும், அவற்றின் mkvயும் mp4வும் எங்கள் கணினியிலும், மாமாவின் மடிகணினியிலும், ஒரு தனி வன்தட்டிலும் இருக்கின்றன. மூலக் கோப்பு ஐந்நூறு மெகாபைட் அளவில்தான், இந்தக் காலத்தில் ஓர் இடமே அல்ல. மூன்றாவது டிஸ்க்கில் வலீமா இருக்கிறது. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெள்ளிப் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிகின்றன. அந்த இடங்களில் வாசிப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை, எந்த டிரைவும் உதவாது. நாவலப்பிட்டியில் இருக்கும் மாமியின் தங்கையிடம் இன்னொரு பிரதி இருப்பதாக உம்மா சொல்கிறார். பரீட்சை முடிந்து வரும் விடுமுறையில், துணியும் பழைய டிரைவும் எடுத்துக்கொண்டு அங்கே போக இருக்கிறோம்.